காட்டாத சீட்டும் பதிவில் இருக்கும்

*கோத்தகிரிப் பக்கம் எங்க ஊர். நானும் அண்ணனும் ஒரே வீடு, ஒரே வைஃபை. ரெண்டு பேரும் ஒரு இந்திய போக்கர் தளத்தில் ஆடிக்கொண்டிருந்தோம். 2025 மார்ச்சில் ரெண்டு அக்கவுண்ட்டையும் ஒரே நாளில் லாக் செய்துவிட்டார்கள். ‘கொலூஷன்’, அதாவது கூட்டு சேர்ந்து ஆடினீர்கள் என்று ஒரு வரி மெயில், அவ்வளவுதான். என் அக்கவுண்ட்டில் 84,000 ரூபாய் இருந்தது, அதில் நான் கட்டியது 35,000. சத்தியமாக ஒருத்தர் சீட்டை ஒருத்தர் சொல்லிக்கொண்டதில்லை. அண்ணன்கிட்ட ஓங்கி அடிக்க எனக்கு மனசு வராது, அதுதான் உண்மை. ஒரே நெட்வொர்க் என்று டேபிளில் உட்காரவிடாதபோது மொபைல் டேட்டாவுக்கு மாறியிருக்கிறேன். அண்ணன் ஆடும்போது பக்கத்தில் போனில் ஒரு சார்ட் வைத்திருப்பான். எதை வைத்துப் பிடித்தார்கள்? தானாக ஆடும் பாட் புரோகிராம் ஓட்டுகிறவனை எல்லாம் விட்டுவிட்டு எங்களை ஏன்? பணம் திரும்ப வருமா?*

*– வாசகர், கோத்தகிரி*

நீங்கள் சீட்டைச் சொல்லிக்கொள்ளவில்லை என்பதை நம்புகிறேன். அதை நம்புவதற்கும் நம்பாமல் இருப்பதற்கும் தேவையான ஆதாரம் அந்தத் தளத்தின் சர்வரில் இருக்கிறது என்பதுதான் உங்களுக்கு நல்ல செய்தி. கெட்ட செய்தி, “ஓங்கி அடிக்க மனசு வராது” என்ற அந்த வாக்கியமே பெரும்பாலான தளங்களின் விதிப்படி குற்றம். அதற்கு சாஃப்ட் ப்ளே என்று பெயர். கொலூஷன் என்ற தலைப்புக்குக் கீழேதான் அதையும் வைத்திருப்பார்கள்.

நான் இப்போது குன்னூரில் இருந்தாலும், ஆன்லைன் சீட்டாட்ட நிறுவனம் ஒன்றில் மோசடியைக் கண்டுபிடிக்கும் ரிஸ்க் டீமில் சில வருடங்கள் வேலை பார்த்தவன். அந்த வேலையின் உள்பக்கம் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். உங்கள் வழக்குக்கு எது உதவும் என்பது அதிலிருந்தே தெரியும்.

எஸ்டேட் கிளப்பில் சீட்டு ஆடும்போது, ஒருவர் இறங்கிவிட்டால் அவர் கையில் என்ன இருந்தது என்பது அவரோடு போய்விடும். ஆன்லைனில் அப்படி இல்லை. நீங்கள் ஃபோல்டு செய்த, அதாவது இறங்கி வீசிய சீட்டு, அண்ணன் ஃபோல்டு செய்த சீட்டு, மேசையில் இருந்த மற்ற நான்கு பேரும் யாருக்கும் காட்டாமல் வீசிய சீட்டு, எல்லாமே ஹேண்டு எனப்படும் ஒவ்வொரு சுற்று வாரியாகவும் பதிவில் கிடக்கும். ஆட்டம் முடிந்த பிறகு ரிஸ்க் டீமில் இருப்பவர் அதை எல்லாச் சீட்டும் மல்லாந்த நிலையில் பார்க்கிறார். அந்தக் கண்ணுக்கு ஒரு விளையாட்டுக்காரர் எடுக்கும் முடிவு விநோதமாகத் தெரிந்தால், அவர் கேட்கிற கேள்வி இரண்டுதான். எதிரில் இருப்பது யார் என்பதைப் பொறுத்து முடிவு மாறுகிறதா? எதிரில் இருப்பவர் கையில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து மாறுகிறதா?

முதல் கேள்விக்கு ஒரு ஹேண்டை எடுத்துக்கொள்வோம். இது நானாக எழுதிக்கொண்டது, ஆனால் இந்த ரகத்தைத் தேடித்தான் சாஃப்ட்வேர் சல்லடை போடும். ஆறு பேர் மேசை, சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் கட்ட வேண்டிய பிளைண்டு 5, 10 ரூபாய். நீங்கள் பட்டன் எனும் டீலர் இடத்தில், கையில் ஆட்டின் ஏஸ், ஆட்டின் ஜாக்கி. 25 ரூபாய் வைக்கிறீர்கள். ஸ்மால் பிளைண்டு இறங்கிவிடுகிறார். பிக் பிளைண்டில் அண்ணன், கையில் இஸ்பேட் ராஜா, டைமன் ராணி. அவர் மீதி 15 ரூபாயைப் போட்டு வருகிறார். நடுவில் 55 ரூபாய். நடுவில் விரிக்கும் முதல் மூன்று சீட்டான ஃப்ளாப்பில் ஆட்டின் ராஜா, ஆட்டின் எட்டு, கிளாவர் மூன்று. இருவரும் செக், அதாவது பணம் வைக்கவில்லை. நான்காவது சீட்டான டர்னில் ஆட்டின் இரண்டு. ஒரே ஜாதியில் ஐந்து சீட்டு, உங்களுக்கு ஏஸ் வைத்த ஃப்ளஷ் விழுந்துவிட்டது. அண்ணன் 30 வைக்கிறார், நீங்கள் கால், அதாவது அதே தொகையைப் போடுகிறீர்கள். நடுவில் 115. கடைசிச் சீட்டான ரிவரில் இஸ்பேட் ஆறு. அண்ணன் செக். நீங்களும் செக்.

நடுவில் விரிந்த அந்த போர்டில் உங்கள் கையை வெல்லும் சீட்டே கிடையாது. போர்டில் ஜோடி இல்லாததால் ஃபுல் ஹவுஸ் வராது, ஸ்ட்ரெயிட் ஃப்ளஷுக்கும் வழியில்லை. கடைசியாக முடிவெடுப்பவரும் நீங்கள்தான். 40 ரூபாய் வைத்தால் ஒன்று அவர் இறங்குவார், இல்லை 40 ரூபாய் கொடுப்பார். ஒரு பைசா நஷ்டத்துக்கும் வாய்ப்பில்லாத இடத்தில் செக் செய்ய, அண்ணன் என்பதைத் தவிர வேறு காரணம் சொல்ல முடியாது. அவசரத்தில் தப்பான பட்டனைத் தொட்டுவிட்டேன் என்று ஒரு தடவை சொல்லலாம். அதனால் ஒரு ஹேண்டை வைத்து யாரும் கணக்கை மூடுவதில்லை. இதே மாதிரி எத்தனை, வேறு ஆட்களிடம் இப்படிச் செய்ததுண்டா என்று எண்ணுவார்கள்.

எண்ணிக்கை எப்படி ஏறுகிறது என்பதை ஆட்டக்காரர்கள் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். நீங்கள் இருவரும் ஒரே மேசையில் 4,000 ஹேண்டு ஆடியிருப்பதாக வைத்துக்கொள்வோம். தினமும் ஆடுகிறவர்களுக்கு அது பெரிய எண்ணிக்கையே இல்லை. ஜோடி ஏஸ், ஜோடி ராஜா, ஜோடி ராணி, ஏஸ்-ராஜா ஆகிய பெரிய கைகள் 1,326 சேர்க்கையில் 34. ஆக 4,000 ஹேண்டில் உங்களுக்கு அப்படி ஒரு கை ஏறக்குறைய 100 தடவை வந்திருக்கும். அதில் உங்களுக்கு முன்பே அண்ணன் ரெய்ஸ் செய்திருந்தது, அதாவது தொகையை ஏற்றியிருந்தது, 20 தடவை என்று கொள்வோம். வேறு யார் ரெய்ஸ் செய்தாலும் நீங்கள் பத்தில் எட்டு முறை திருப்பி ரெய்ஸ் செய்கிறவர். அண்ணனிடம் மட்டும் இருபதில் மூன்று முறைதான். தற்செயலாக இப்படி விழ நூறு கோடியில் ஒரு வாய்ப்புகூட இல்லை. 20 ஹேண்டு போதும் என்பதைக் கவனியுங்கள்.

“நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் விட்டுக்கொடுத்தால் மூன்றாவது ஆளுக்கு என்ன நஷ்டம்?” என்று அடுத்துக் கேட்பீர்கள். எல்லோரும் கேட்பார்கள். மூவர் இருக்கும் ஹேண்டில் பாருங்கள். அண்ணன் 30 வைக்கிறார், நடுவில் இருப்பவர் நடுத்தரமான ஒரு ஜோடியோடு கால் செய்கிறார், நீங்கள் 110-க்கு ஏற்றுகிறீர்கள், அண்ணன் 300 என்கிறார். இரண்டு பக்கமும் அடி விழுந்தால் அந்த மனிதர் இறங்கத்தான் செய்வார். அவர் போன அடுத்த நொடியே நீங்கள் கால் செய்து, அதன்பிறகு இருவரும் செக், செக் என்று ஹேண்டை முடிக்கிறீர்கள். அவர் எதிர்கொண்டது இரண்டு தனி ஆட்களை அல்ல, ஒரே பணப்பையை. நீங்கள் இதைத் திட்டமிட்டுச் செய்யாவிட்டாலும், அண்ணனிடம் மென்மை, மற்றவரிடம் வழக்கமான வேகம் என்று ஆடினாலே பலன் இதே திசையில்தான் போகும். சாப்பாட்டு வேளைக்கு நாலு காசு பார்க்க வந்த அந்த மூன்றாம் மனிதர் புகார் எழுதியிருக்கலாம். பல விசாரணைகள் அப்படி ஒரு புகாரில்தான் ஆரம்பிக்கின்றன.

இரண்டாவது கேள்விதான் உங்களைக் காப்பாற்றக்கூடியது. நீங்கள் அண்ணனிடம் அடங்கிப் போவது, அவர் கையில் ஜோடி ஏஸ் இருந்தாலும் ஒன்றுமில்லாத சீட்டு இருந்தாலும் ஒரே அளவில் இருக்கிறதா? அப்படி இருந்தால், அவர் சீட்டு உங்களுக்குத் தெரியாது. அது வெறும் சாஃப்ட் ப்ளே. மாறாக, அவர் கையில் பெரிய ஜோடி இருக்கும்போது மட்டும் ஏஸ்-ராஜாவைத் தூக்கிப் போட்டுவிட்டு, அவர் உதவாத சீட்டோடு ரெய்ஸ் செய்யும்போது மட்டும் திருப்பி அடித்தால், காட்டாத சீட்டு உங்கள் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. போன் காலோ, பக்கத்து நாற்காலியோ, எப்படி என்பது அவர்களுக்கு அவசியமில்லை.

இதில் இன்னும் நுணுக்கமான ஒரு சோதனை உண்டு. எனக்குப் பிடித்ததும் அதுதான். டர்ன் வரை வந்து உங்கள் கையில் ஃப்ளஷ்ஷுக்கு ஒரு ஆட்டின் குறைகிறது. நீங்கள் பார்க்காத 46 சீட்டில் 9 ஆட்டின். ஏறக்குறைய 20 சதவீத வாய்ப்பு. அண்ணன் முதலிலேயே இறங்கிவிட்டார், அவர் வீசிய இரண்டும் ஆட்டின். அது தெரிந்தவருக்கு மிச்சம் 44-ல் 7, அதாவது 16 சதவீதம்தான். கூட்டு சேர்ந்து ஆடுகிறவர்கள் பெரிய கைகளில் எவ்வளவு ஜாக்கிரதையாக நடித்தாலும் இந்தச் சின்ன இடத்தில் மாட்டுவார்கள். கூட்டாளி வீசிய சீட்டில் அந்த ஜாதி இருந்தபோதெல்லாம் இவர் கால் செய்வது குறைந்திருக்கும். சீட்டைப் பார்க்காதவரிடம் அந்தக் குறைவு தோன்ற வழியே இல்லை. ஆயிரக்கணக்கான ஹேண்டில் இதை ஓட்டிப் பார்த்தால், நீங்கள் சீட்டைப் பகிர்ந்துகொள்ளவில்லை என்பதற்கு உங்கள் சத்தியத்தைவிட வலுவான சாட்சி கிடைக்கும்.

வைஃபை விஷயத்துக்கு வருகிறேன். ஒரே இணைய இணைப்பு என்பது தனியாக ஒன்றுமே இல்லை. மொபைல் நெட்வொர்க்கில் ஒரே பொது ஐபி முகவரியை ஒரே நேரத்தில் பலர் பகிர்ந்துகொள்கிறார்கள், அதை வைத்து இடம் தேடினால் கோத்தகிரிக்காரர் கோயம்புத்தூரிலோ சென்னையிலோ இருப்பதாகக் காட்டும். இது ரிஸ்க் டீமுக்குத் தெரியும். மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போய் இரண்டு கணக்கும் ஒரே நொடியில் அறுந்தால்கூட, ஒரே வீடு என்பதற்குத்தான் அது சான்று. அண்ணன் தம்பி என்பது கேஒய்சி ஆவணத்திலேயே இருக்கிறதே.

உங்களைக் குத்தியது அந்த மொபைல் டேட்டா. ஒரே இணைப்பில் இருக்கும் இருவரை ஒரே மேசையில் உட்காரவிடாத தடையைத் தளம் போட்டிருந்தது. உங்கள் கணக்கு மாதக்கணக்காக வைஃபையில் இருந்திருக்கிறது. அண்ணன் உட்கார்ந்திருக்கும் மேசைக்குப் போகும்போது மட்டும், சில நொடிகளுக்கு முன்பு, டேட்டாவுக்கு மாறுகிறது. எழுந்த பிறகு திரும்ப வைஃபை. லாகின் பதிவை நேரவாரியாக அடுக்கினால் இது ஒரு நிமிட வேலை. தடையைப் பற்றித் தெரிந்தே சுற்றி வந்தார்கள் என்று கோப்பில் எழுத அது போதும். சாஃப்ட் ப்ளே மட்டும் என்றால் பல இடங்களில் எச்சரிக்கையோடு “இனி இருவரும் ஒரே மேசையில் உட்காரக் கூடாது” என்று விட்டுவிடுவதுண்டு. எச்சரிக்கை இல்லாமல் நேராகப் பூட்டியதற்கு இந்த மாறுதல்தான் காரணமாக இருக்கும் என்பது என் கணிப்பு.

அண்ணனின் சார்ட் வேறு கணக்கு. முதல் இரண்டு சீட்டுக்கு எதை ஆடலாம், எதை விடலாம் என்று சொல்லும் நிலையான அட்டவணை என்றால், அது மனப்பாடம் செய்யக்கூடிய சங்கதி. சில தளங்கள் அதை அனுமதித்தன, சில தடுத்தன. உங்கள் தளத்தின் விதியைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் போர்டைப் போட்டால் இந்த இடத்தில் இவ்வளவு வை என்று பதில் தரும் சால்வர் என்றால், அதற்குப் பெயர் ரியல் டைம் அசிஸ்டன்ஸ். எல்லாப் பெரிய தளங்களிலும் தடை. 2020 செப்டம்பரில் ஜிஜிபோக்கர் தளம் இதற்காக 40 கணக்குகளை மூடி, 11 லட்சம் டாலருக்கு மேல் பறிமுதல் செய்து, இன்னும் 40 பேருக்கு எச்சரிக்கை கொடுத்தது.

ஆடுகிற கருவியிலேயே அந்த மென்பொருள் ஓடினால் தளத்தின் செயலி கண்டுபிடித்துவிடும். ஓடும் புரோகிராம்களின் பெயர், விண்டோ தலைப்பு, அடிக்கடி வேறு விண்டோவுக்குத் தாவுவது எல்லாம் தெரியும். பக்கத்தில் வேறொரு போனில் இருந்தால் அந்தச் செயலிக்குக் கண் கிடையாது. அங்கே ஆட்டத்தின் தரத்தைத்தான் அளக்க வேண்டும். ஒவ்வொரு முடிவையும் சால்வரின் முடிவோடு ஒப்பிட்டு, எவ்வளவு பணம் தவறவிட்டார் என்று கணக்கிடுவார்கள். மனிதர்கள் எளிய இடத்தில் சரியாகவும் அரிதான, சிக்கலான இடத்தில் தப்பாகவும் ஆடுவார்கள். பார்த்து ஆடுகிறவருக்கு ரிவரில் வரும் கஷ்டமான கேள்வியிலும் பிழை ஏறாது. அதே ஆள், மூன்று பேர் உள்ளே வந்துவிட்டாலோ யாராவது விநோதமான தொகை வைத்தாலோ, சால்வரில் விடை இல்லாததால் திடீரென்று சாதாரணமாகிவிடுவார். நேரமும் காட்டிக்கொடுக்கும். கண்ணை மூடிக்கொண்டு இறங்க வேண்டிய இடத்திலும், தலை சுற்றும் இடத்திலும் அதே எட்டு ஒன்பது நொடி. ஜிடிஓ விசார்ட் போன்ற பயிற்சித் தளங்களும், ஆட்டம் நடந்துகொண்டிருந்த நேரத்தில் அதே போர்டு தங்களிடம் தேடப்பட்டதா என்று போக்கர் தளங்களுக்குச் சரிபார்த்துக் கொடுக்கின்றன. ஆனால் இதற்கெல்லாம் பல்லாயிரம் ஹேண்டு வேண்டும். குறைந்த ஹேண்டில் நன்றாகப் படித்த ஆளும் பார்த்து ஆடும் ஆளும் ஒரே மாதிரி தெரிவார்கள். இந்த இடத்தில் நிறுவனங்கள் கொஞ்சம் அதிக நம்பிக்கையோடு பேசுவதாகவே எனக்குப் படுகிறது. உங்களுக்கு வந்த மெயிலில் கொலூஷன் மட்டும் இருக்கிறது என்றால் சார்ட்டை நீங்களாக எடுத்துப் பேச வேண்டாம். கேட்டால் பொய்யும் சொல்ல வேண்டாம்.

பாட் ஓட்டுகிறவர்களை விட்டுவிடுகிறார்கள் என்ற வருத்தம் பாதி சரி. தனி ஒரு பாட்டைப் பிடிப்பது சிரமம், கூட்டமாக ஓடினால் சுலபம். ஒரே புரோகிராம் முப்பது கணக்கில் ஆடினால் முப்பது பேரும் எத்தனை சதவீதக் கையோடு உள்ளே வருகிறார்கள், எத்தனை முறை ஏற்றுகிறார்கள் என்பதெல்லாம் தசமப் புள்ளி வரை நெருங்கிவிடும். அண்ணன் தம்பியே அவ்வளவு ஒற்றுமையாக ஆட மாட்டார்கள். 2015-ல் போக்கர்ஸ்டார்ஸ் தளத்தின் ஒமாஹா என்ற போக்கர் வகை மேசைகளில் இருந்த பாட் கும்பலை இந்த ஒற்றுமையை வைத்து வெளிக்கொண்டு வந்தது தளம் அல்ல, அங்கே ஆடியவர்கள்தான். திரையின் பட்டனில் ஒரே புள்ளியில் விழும் கிளிக், களைப்பே தெரியாத நேரம் இவையும் பார்க்கப்படும். சந்தேகம் வந்தால் அறையைச் சுற்றிக் காட்டி, ஆடும் கையும் திரையும் தெரிய ஒரு மணி நேரத்துக்கு மேல் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்வதும் உண்டு. மனிதர் என்று நிரூபிக்க அப்படி வழி இருக்கிறது. தம்பி அண்ணனிடம் மனசு விட்டு ஆடினான் என்று நிரூபிக்க அப்படி ஒரு வழி இல்லை, அதுதான் உங்கள் சிக்கல்.

கொடி விழுந்த கணக்குக்கு உள்ளே என்ன நடக்கும்? சாஃப்ட்வேர் ஒரு மதிப்பெண் கொடுக்கும். அது ஒரு ஆளின் மேசைக்கு வரும். அவர் உடனே பூட்ட மாட்டார். பணம் எடுக்கும் கோரிக்கையை மட்டும் ‘பரிசீலனையில்’ என்று நிறுத்திவைத்து, இன்னும் சில நாள் ஆடவிட்டுப் பார்ப்பார். கடைசி வாரங்களில் உங்கள் வித்டிராயல் ஏதாவது காரணமில்லாமல் தாமதமானதா என்று பாருங்கள், விசாரணை எப்போது ஆரம்பித்தது என்பது அதில் தெரியலாம். பிறகு பூட்டு, தனித்தனியே கேள்விகள், பதில்களை ஒப்பிடுவது. முடிவில் நான்கு வழி. எச்சரிக்கை, ஒரே மேசைக்குத் தடை, கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுத்துக் கணக்கை மூடுவது, எல்லாவற்றையும் பறித்து நஷ்டப்பட்டவர்களுக்குப் பகிர்ந்து கொடுப்பது. கண்டுபிடித்த முறையை வெளியே சொன்னால் அடுத்த ஆள் அதைத் தவிர்த்துவிடுவான் என்பதால் மெயில் ஒரு வரியில் முடிகிறது. அந்த நியாயம் ஓரளவு புரிகிறது. ஆனால் எத்தனை ஹேண்டு, எந்தத் தேதிகளில், எவ்வளவு தொகை என்று சொல்வதால் எந்த ரகசியமும் போய்விடாது.

உங்கள் பிடி இங்கேதான். நஷ்டப்பட்டவர்களுக்குக் கொடுப்பதற்காகப் பறித்தார்கள் என்றால், நீங்கள் இருவரும் உள்ளே இருந்து மூன்றாவது ஆள் தோற்ற ஹேண்டுகளின் தொகை மட்டும்தான் கணக்கில் வர வேண்டும். அண்ணன் இல்லாத மேசைகளில் நீங்கள் ஜெயித்ததும், நீங்கள் கட்டிய 35,000-மும் அதில் சேராது. முழுவதையும் எடுத்துக்கொள்ளும் உரிமையை விதிமுறையில் எழுதியிருப்பார்கள். எழுதியிருப்பதாலேயே அது நியாயமாகிவிடாது என்பது என் கருத்து, வாதாடிப் பார்க்கத் தகுந்தது.

2025 ஆகஸ்டில் நிறைவேறிய மத்தியச் சட்டத்துக்குப் பிறகு இந்தியத் தளங்கள் பணம் வைத்து ஆடுவதை நிறுத்திவிட்டன. சட்டம் ஆட்டத்தை நிறுத்தியதே தவிர, ஏற்கெனவே இருந்த பாக்கியை விழுங்கச் சொல்லவில்லை. அதனால் முதலில் உங்கள் பான் எண்ணில் வருமான வரித் தளத்துக்குள் போய், 2024-25 நிதியாண்டின் படிவம் 26AS-ஐ எடுத்துப் பாருங்கள். 194BA என்ற பிரிவில் அந்த நிறுவனம் வரி பிடித்துக் கட்டியிருக்கிறதா? ஆன்லைன் ஆட்டத்தில் நிகர வெற்றிக்கு 30 சதவீத வரியைப் பணம் எடுக்கும்போது பிடிப்பார்கள், எடுக்காமல் கணக்கில் இருப்பதற்கு மார்ச் 31-ல் பிடிப்பார்கள். பூட்டிய பிறகு அந்த ஆண்டு முடிவில் வரி பிடித்திருந்தால், அந்தப் பணம் உங்களுடையது என்று அவர்களே அரசிடம் சொன்னதாக நீங்கள் வாதிடலாம். இதைவிட நல்ல தாள் உங்களிடம் இருக்காது.

அடுத்து நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மெயில். 2021-ஆம் ஆண்டின் ஐடி விதிகளின்படி 24 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, அந்த விதிகள் சொல்லும் கெடுவுக்குள் தீர்க்க வேண்டும். ஏழைத் தேயிலை விவசாயி என்றெல்லாம் எழுத வேண்டாம், அது எந்த ரிஸ்க் டீமையும் அசைக்காது. இந்த மாதிரி எழுதுங்கள்:

“என் கணக்கு மூடப்பட்டது சாஃப்ட் ப்ளே காரணமாகவா, சீட்டுப் பகிர்வு காரணமாகவா என்று தெரிவிக்கவும். பிரச்சினைக்குரிய ஹேண்டுகளின் எண்ணிக்கை, தேதிகள், அவற்றால் பிறருக்கு ஏற்பட்டதாக நீங்கள் கணக்கிட்ட நஷ்டத் தொகை, பறிமுதல் செய்த தொகையில் என் டெபாசிட் எவ்வளவு, பொருந்தும் விதி எண் ஆகியவற்றைத் தரவும். இருவரின் காட்டாத சீட்டையும் வைத்து என் முடிவுகளை மறுபரிசீலனை செய்யக் கோருகிறேன்.”

கடைசி வரியைப் படிக்கும் ஆளுக்கு, எழுதியவருக்கு விஷயம் தெரியும் என்று புரிந்துவிடும். சீட்டைப் பார்த்தவர்கள் யாரும் இந்தச் சோதனையைக் கேட்க மாட்டார்கள். ஆனால் மெயிலில் சாஃப்ட் ப்ளேயே இல்லை என்று மட்டும் சாதிக்காதீர்கள். மேலே சொன்ன ரகத்தில் நாலு ஹேண்டை எடுத்துக் காட்டினால் மற்ற பேச்சும் அடிபட்டுப் போகும்.

பதில் இல்லையென்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டு, உதகையில் இருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். நிறுவனம் பெங்களூரில் இருந்தாலும் மும்பையில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்க 2019-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. உங்கள் தொகைக்கு மனுக் கட்டணம் கிடையாது. காலக்கெடு, காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு. மார்ச் 2025-ல் இருந்து எண்ணிக்கொள்ளுங்கள், தள்ளிப்போடாதீர்கள். எதிர்த்தரப்பு, இது சூதாட்டப் பணம், ஒப்பந்தச் சட்டத்தின் 30-ஆம் பிரிவுப்படி கேட்க முடியாது என்று சொல்லக்கூடும். போக்கரும் ரம்மியும் திறமை ஆட்டங்களே என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதை உங்கள் வழக்கறிஞர் காட்டட்டும். இத்தனை நாள் அதையே சொல்லி ஆட்களைச் சேர்த்த நிறுவனம் ஆணையத்தில் வந்து சூதாட்டம் என்று பேசுவது அவர்களுக்கே சங்கடம்தான்.

எதிர்பார்ப்பைச் சொல்லிவிடுகிறேன். டெபாசிட் 35,000 திரும்பக் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. மீதி 49,000-ல் ஒரு பகுதி வந்தால் மகிழ்ச்சி. முழுதும் வரும் என்று கடன் வாங்கி வழக்கு நடத்தாதீர்கள்.

அண்ணனுடைய மனுவை அவர் தனியாக எழுதட்டும், தன் சொந்த வார்த்தையில், தன் சொந்த மெயிலிலிருந்து. இரண்டு பேரும் ஒரே வாசகத்தை அனுப்பினால், ஏற்கெனவே கூட்டு என்று எழுதிவைத்த கோப்பில் அதுவும் ஒரு பக்கமாகச் சேர்ந்துவிடும்.